பத்து சதவீதக் கரைசல்: தராசுக்குச் சரி, மூக்குக்கு?

வாசனைத் திரவியம் உருவாக்குவோர் புதிய மணப்பொருள் ஒன்றை மதிப்பிட விரும்பினால், 1 கிராம் பொருளோடு 9 கிராம் எத்தனால் சேர்த்துப் பத்து சதவீதக் கரைசலாக்குவார்கள். அதில் தாள் பட்டையை நனைத்து முகர்ந்து, கலவைக் குறிப்பையும் கிராமிலேயே எழுதுவார்கள். இந்த வழக்கத்தில் ஒரு பாதி உறுதியானது. மறுபாதியைக் கேள்வியின்றி ஏற்க முடியாது.

உறுதியான பாதி, எடை. சொட்டின் அளவு திரவத்தின் பிசுக்கைப் பொறுத்தும் சொட்டுக்குழாயைப் பொறுத்தும் மாறும். மில்லிலிட்டரும் ஏமாற்றும். ரோஜா மணமுள்ள பினைல்எத்தில் ஆல்கஹாலில் 1 மில்லி எடுத்து 9 மில்லி எத்தனாலோடு கலந்தால் பத்து சதவீதம் கிடைத்ததாகத் தோன்றும். ஆனால் எத்தனால் இலேசானது. 9 மில்லி சுமார் 7.1 கிராம்தான் இருக்கும். மணப்பொருளோ 1.02 கிராம். எடைப்படி அந்தக் கரைசல் பன்னிரண்டரை சதவீதம். எடையில் எழுதிய குறிப்புக்கு இந்தக் குழப்பம் இல்லை. யார் எங்கே கலந்தாலும் அதே கலவை வரும்.

கேள்விக்குரிய பாதி, எல்லாப் பொருளுக்கும் ஒரே பத்து என்பது. மல்லிகை மணத்திலும் இருக்கும் இண்டோலைப் பாருங்கள். பத்து சதவீதத்தில் அது பூச்சி உருண்டையையும் கழிவையும் நினைவூட்டும். அந்த அளவில் முகர்ந்தவர் குப்பியை ஒதுக்கிவிடக்கூடும். அரை அல்லது கால் சதவீதம், இன்னும் கீழே 0.1 சதவீதம் என்று இறங்கும்போதுதான் பூவின் சாயல் எழும். மென்மையான ஹெடியோனுக்கோ பத்து சதவீதம் இயல்பாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே அடர்வில் அருகருகே வைத்தால் சமமாவது எடைதான், மணத்தின் வலிமை அன்று.

தராசும் இதையே சொல்கிறது. ஒரு கலவைக்கு 0.003 கிராம் இண்டோல் வேண்டும் என்போம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அதை நேரடியாக நிறுக்க முடியாது. பத்து சதவீதக் கரைசலில் 0.03 கிராம் ஊற்றவேண்டும். தராசு ஒரு படி பிசகினாலே மூன்றில் ஒரு பங்கு பிழை. ஒரு சதவீதக் கரைசலில் 0.30 கிராம் ஊற்றலாம். அதே பிசகு முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும்.

கரைசல் நிலையாக இருக்கும் என்றும் நம்பக்கூடாது. மூடி தளர்ந்து 10 கிராமில் 1 கிராம் எத்தனால் ஆவியானால் பத்து சதவீதம் பதினொன்றைத் தாண்டிவிடும். குப்பியை மூடி வைக்கும்போதும் மீண்டும் எடுக்கும்போதும் நிறுத்துப் பார்த்தால் இந்த இழப்பு தெரியும்.

எனவே கிராம் கணக்கு நிலைக்கட்டும். பத்து சதவீதம் தொடக்கப்புள்ளியாக மட்டும் இருக்கட்டும். குறிப்பில் எடையோடு கரைசலின் அடர்வும் கரைப்பானும் இடம்பெற வேண்டும். “இண்டோல் 0.30” என்று மட்டும் எழுதி “1%” என்பதை விட்டுவிட்டால், அடுத்தவர் தூய இண்டோலை நிறுத்துப் போடுவார். கலவையில் நூறு மடங்கு இண்டோல் சேர்ந்திருக்கும்.