கடினம் போதுமா? ஆர்ச்சர்டு சமன்பாடும் பூச்சுத் தேர்வும்

பல்லாவரம், திருமுடிவாக்கம், தாம்பரம் வட்டாரத்துப் பட்டறைகளுக்குத் தேய்ந்த ராடு, ஷாஃப்டு எது வந்தாலும் பெரும்பாலும் ஒரே வழிதான் சொல்லப்படுகிறது: தேய்ந்த இடத்தை அரைத்து எடு, ஹார்டு குரோம் ஏற்று, மறுபடி அளவுக்கு அரைத்துக் கொடு. கொஞ்சம் பெரிய வேலையென்றால் டங்ஸ்டன் கார்பைடு தெளிப்பு, டைட்டானியம் நைட்ரைடு என்று பேச்சு போகும். பெயர்கள் மாறினாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே. எது கடினமோ அது குறைவாகத் தேயும். இந்த நம்பிக்கைக்குப் பாடப்புத்தகத்தின் ஆதரவும் உண்டு. ஆர்ச்சர்டு 1953இல் வெளியிட்ட சமன்பாடு அதைத்தான் சொல்வதுபோலத் தோன்றும்:

V = K · W · L / H

V தேய்ந்துபோன கன அளவு, W சுமை, L வழுக்கிய தூரம், H இரண்டு பரப்புகளில் மெத்தென்றிருப்பதன் கடினத்தன்மை. H கீழே இருக்கிறது. ஆகவே H கூடினால் தேய்மானம் குறையும். கணக்கு சரி. ஆனால் இந்தச் சமன்பாட்டை வைத்துப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பது K என்ற ஒற்றை எழுத்தில் இருக்கிறது.

முதலில் சமன்பாட்டின் பலம். இரண்டு இரும்புப் பரப்புகள் கண்ணுக்கு முழுவதும் பொருந்தியிருந்தாலும், உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பவை நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே. சுமை ஏற ஏற அந்த உச்சிகள் நசுங்குகின்றன. சுமையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு கிடைத்ததும் நசுங்குவது நின்றுவிடுகிறது. ஆகவே உண்மைத் தொடுபரப்பு என்பது சுமையைக் கடினத்தன்மையால் வகுத்தால் வருவது. வெளியே தெரியும் பரப்பளவுக்கு அதில் இடமே இல்லை. புஷ்ஷை அகலமாக்கினால் தேய்ந்துபோகும் உலோகத்தின் கன அளவு குறையாது, ஆழம்தான் குறையும் என்ற பயனுள்ள முடிவு இதிலிருந்து வருகிறது. மேடுகள் ஒன்றையொன்று சந்தித்துப் பிரியும்போது ஒரு துகள் பெயர்ந்து வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதே K. ஆயிரம் சந்திப்பில் ஒன்று பெயர்ந்தால் அது ஆயிரத்தில் ஒன்று.

பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. K எவ்வளவு இருக்கும் என்பதைச் சமன்பாடு சொல்வதில்லை. சோதனை செய்து அளந்துதான் அறிய வேண்டும். ஆர்ச்சர்டும் அவருடைய சக ஆய்வாளர் ஹிர்ஸ்டும் எண்ணெய் இல்லாமல் தேய்த்து அளந்த எண்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். மைல்டு ஸ்டீல் மைல்டு ஸ்டீலின் மேல் வழுக்கினால் K ஏறத்தாழ ஆயிரத்தில் 7. பித்தளை டூல் ஸ்டீலின் மேல் வழுக்கினால் பத்தாயிரத்தில் 6. சுமை 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடை. தூரம் 1 கிலோமீட்டர். அந்த மைல்டு ஸ்டீலின் கடினத்தன்மை 1.8 ஜிகாபாஸ்கல் அளவு. கணக்குப் போட்டால் தேய்மானம் 390 கன மில்லிமீட்டர் வருகிறது. பித்தளையின் கடினத்தன்மை அதில் பாதிதான், 0.93 ஜிகாபாஸ்கல். ஆனால் தேய்மானம் 65 கன மில்லிமீட்டர்தான். பாதிக் கடினமுள்ள உலோகம் ஆறில் ஒரு பங்குதான் தேய்கிறது. கடினத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இங்கே தவறான உலோகத்தைக் கையில் எடுத்திருப்பார். ஒரே வகை உலோகங்கள் உரசும்போது சந்திப்புகள் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வருகின்றன. வேறு வேறு உலோகங்களுக்கு நடுவே அந்த ஒட்டுதல் குறைவு. எந்திரப் பாகங்களுக்குள் H சில மடங்குதான் மாறும். K ஆயிரம் மடங்குகூட மாறும்.

இனி நம் வட்டாரத்துச் சூழலுக்கு வருவோம். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்கு நிலவியலில் சார்னோகைட்டு என்று பெயர். உலகம் முழுவதும் அந்த வகைப் பாறைக்கு முன்மாதிரியான இடம் இதுவே. அதில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் டிப்பர் லாரியின் ஹைட்ராலிக் ராடில் படியும் தூசியில் இந்தக் குவார்ட்ஸும் உண்டு. வைப்பர் சீல் தேய்ந்திருந்தால் அது ராடோடு உள்ளே போய்விடும். அப்போது நடப்பது ஒட்டுத் தேய்மானம் அல்ல, சிராய்ப்புத் தேய்மானம். மூன்றாவது ஆளாகப் புகுந்த கல்துகள் இரண்டு பரப்புகளையும் கீறுகிறது.

சிராய்ப்பில் கடினத்தன்மைக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ஆனால் சமன்பாடு காட்டும் சீரான சரிவில் அது வேலை செய்வதில்லை. ஒரு துகள் பரப்பைத் தாராளமாகக் கீற வேண்டுமானால் பரப்பைவிட ஏறத்தாழ 1.2 மடங்காவது கடினமாக இருக்க வேண்டும். குவார்ட்ஸின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவையில் சுமார் 1100. சாதாரண ராடு எஃகு 200. அதை இண்டக்ஷன் ஹார்டனிங் செய்து 600க்குக் கொண்டுபோனாலும் குவார்ட்ஸுக்கு அது மெத்தென்ற பரப்புதான். கடினம் மூன்று மடங்கானதால் தேய்மானம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று சமன்பாடு சொல்லும்; சூடேற்றிக் கடினமாக்கிய எஃகில் அந்த ஆதாயமும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஹார்டு குரோம் 900 அளவில் நிற்கிறது. 1.2ஆல் பெருக்கினால் 1080. குவார்ட்ஸுக்குக் கிட்டத்தட்டச் சமம், விளிம்பில் நிற்கும் பாதுகாப்பு. தெளிப்பு முறையில் ஏற்றிய டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் பூச்சு 1100ஐத் தாண்டினால் குவார்ட்ஸின் முனை மழுங்கத் தொடங்கும். அங்கே தேய்மானம் மெல்லக் குறைவதில்லை, சட்டென்று விழும். ஆக, 200இலிருந்து 600க்குப் போக எடுத்த பாடு தருவதைவிட, 900இலிருந்து 1150க்குப் போவது தருவது அதிகமாக இருக்கலாம். சமன்பாட்டில் இந்த வாசற்படி இல்லை. டிப்பரின் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வைப்பர் சீலைக் காலத்தில் மாற்றுவது தூசியையே தடுத்து K-ஐக் குறைக்கிறது. பூச்சைவிட அது மலிவு.

கடினம் பின்னுக்குப் போகும் எதிர்முனைக்குத் தாம்பரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் வரை போக வேண்டும். அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் குளிர்விப்பான் திரவ சோடியம். அது அணு உலையின் மையத்திலிருந்து வெளியேறும்போது ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் இடங்களில், காற்றில் இருந்தால் காப்பாற்றியிருக்கும் ஆக்சைடு படலத்தைச் சூடான சோடியம் தங்கவிடுவதில்லை. நிர்வாண உலோகங்கள் நேருக்கு நேர் சந்திக்கும், ஒட்டிக்கொள்ளும், பெயர்ந்து வரும். தூசியே இல்லாத இடத்தில் ஒட்டுத் தேய்மானம் அதன் முழு வடிவில் நடக்கும். ஆகவே இந்தப் பரப்புகளின் மேல் கடினமான உலோகக்கலவையைப் பற்றவைத்து ஏற்றுகிறார்கள்.

இந்த வேலைக்கு உலகம் முழுவதும் பழகியது ஸ்டெல்லைட்டு என்ற கோபால்ட் கலவை. தேய்மான அட்டவணையை மட்டும் பார்த்தால் அதுவே வெல்லும். ஆனால் கோபால்ட் நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. அதன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, கடுமையான காமாக் கதிர் வீசும். பராமரிப்புக்காகப் பாகத்தை வெளியே எடுக்கும் தொழிலாளிக்கு அது ஆபத்து. கல்பாக்கம் ஆய்வாளர்கள் அந்தக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டு ஸ்டெல்லைட்டை விட்டு, நிக்கல் அடிப்படையிலான கோல்மொனாய் கலவையைத் தேர்ந்தார்கள். நிக்கலுக்குள் குரோமியம் போரைடு, கார்பைடு துகள்கள் பரவியிருப்பதால் அதற்குக் கடினம் வருகிறது. தேர்வைத் தீர்மானித்தது சமன்பாட்டின் எந்த எழுத்திலும் இல்லாத ஒரு காரணம்.

தேர்ந்த பிறகும் அட்டவணை எண் அப்படியே கிடைக்கவில்லை. பற்றவைக்கும்போது அடியிலுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உருகிக் கலவையோடு சேரும். கலப்பு அதிகமானால் கடினம் குறையும். டங்ஸ்டன் மின்முனை ஆர்க் முறையில் இது அதிகம். கலப்பு குறைவான பிளாஸ்மா மாற்று ஆர்க் முறைக்கு அவர்கள் மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதிகக் கடினமுள்ள கலவை ஆறும்போது விரிசல் விடும். எனவே முன்கூட்டிச் சூடேற்றி மெல்ல ஆறவிட வேண்டும். பல பத்தாண்டு சூட்டில் கிடந்தால் கடினம் எவ்வளவு குறையும் என்பதையும் தனியே ஆராய வேண்டியிருந்தது. சமன்பாட்டில் H என்பது ஒரு நிலையான எண். பட்டறையில் அது பற்றவைக்கும் முறையைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது.

பூச்சுகளில் இது இன்னும் கூர்மையாகிறது. ஆவிப்படிவு முறையில் ஏற்றும் டைட்டானியம் நைட்ரைடு 2000 விக்கர்ஸைத் தாண்டும். தடிமனோ 2 முதல் 4 மைக்ரான். அடியில் மெத்தென்ற எஃகு இருந்தால் சுமையில் அது தாழ்ந்து கொடுக்கும், பூச்சு முட்டை ஓடுபோல நொறுங்கும். நொறுங்கிய சில்லுகளே அடுத்த நொடியில் சிராய்ப்புத் துகள்களாகி, இல்லாத பிரச்சினையை உருவாக்கும். மேலே கணக்கிட்ட கன அளவைத் தொடுபரப்பால் வகுத்துத் தேயும் ஆழத்தைக் கண்டுபிடித்து, அது பூச்சுத் தடிமனைவிடக் கணிசமாகக் குறைவா என்று பார்க்காமல் பூச்சைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எதிர்ப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. கடினமான, சொரசொரப்பான கார்பைடு பூச்சு தான் தேயாமல் எதிரே இருக்கும் புஷ்ஷையும் சீலையும் அரைத்துத் தள்ளும். ராடு நன்றாக இருக்கிறது, எண்ணெய் மட்டும் கசிகிறது என்ற புகார் பல நேரம் இதனால் வருவதுதான். குரோமின்மேல் குரோமை ஓடவிடக் கூடாது என்ற பழைய பட்டறை விதிக்குக் காரணம், ஒரே வகை உலோகங்களிடையே மேலே பார்த்த ஒட்டுதல்தான்.

அப்படியானால் சமன்பாட்டைத் தூக்கி எறியலாமா? கூடாது. ஒரே வகைத் தேய்மானம் தொடரும் வரை, சுமை இரட்டித்தால் தேய்மானம் எவ்வளவு கூடும், எத்தனை மாதத்தில் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது நம்பகமாகச் சொல்லும். அளந்த K கையில் இருக்கும் ஒரே ஜோடிக்கு அது நல்ல கணக்குப் புத்தகம். ஆனால் சுமை ஒரு எல்லையைத் தாண்டும்போது மென்தேய்மானம் கடுந்தேய்மானமாகத் தாவும். K நூறு மடங்கு எகிறும். அந்த எல்லை எங்கே என்று சமன்பாடு சொல்லாது. தேய்ந்த பாகம் சொல்லும். செந்நிறப் பொடி படிந்திருந்தால் ஆக்சைடு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, மென்தேய்மானம். பளபளக்கும் உலோகச் செதில்களும், எதிர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்ட உலோகமும் தெரிந்தால் ஒட்டுதல். ஓடும் திசையில் நேர்க்கோடுகளாகக் கீறல்கள் இருந்தால் சிராய்ப்பு.

எனவே தவறு சமன்பாட்டில் இல்லை, அதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. கழற்றிய பாகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடினத்தை முதலில் கேட்பது தலைகீழ் வரிசை. கழுவுவதற்கு முன் பரப்பைப் பார்த்து வகையைத் தீர்மானித்து, சிராய்ப்பென்றால் துகளின் கடினத்தோடு ஒப்பிட்டு, ஒட்டுதலென்றால் ஜோடியை மாற்றி, அதற்குப் பிறகுதான் H-க்கும் தடிமனுக்கும் கணக்குப் போட வேண்டும். பூச்சுக்காரரிடம் கொடுக்கும் ஜாப் ஒர்க் சீட்டில் "ஹார்டு குரோம், 50 மைக்ரான்" என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். எதிரே ஓடுவது எது, இறுதி வழுவழுப்பு எவ்வளவு, அரைத்த பிறகு மிஞ்ச வேண்டிய தடிமன் என்ன என்ற மூன்றும் அதில் இருந்தால், பூச்சுக்குக் கொடுக்கும் பணம் அதற்கான வேலையைச் செய்யும்.