கையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்

தழும்பை உடையால் மறைப்பது சரியா என்ற விவாதத்துக்கு முடிவில்லை. மறைத்த உடை நன்றாக மறைக்கிறதா என்பதற்கு விடை உண்டு. ஜொகூர் பாருவில் நம் பெண்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சேலை கட்டுகிறார்கள், அலுவலகத்துக்குப் பலர் பாஜு கூரோங் அணிகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பழக்கத்தின் நிறையும் குறையும் தெளிவாகத் தெரியும்.

பிறந்ததும் இடது மேற்கையில் போடும் பிசிஜி ஊசியின் தழும்பையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு அது சின்னப் பள்ளமாக நின்றுவிடும். சிலருக்கு ஊசி பட்ட இடத்தையும் தாண்டித் தடித்து, பளபளப்பாக மேடேறிவிடும். கெலாய்டு என்பது இதுதான். கறுத்த தோலில் இது கூடுதலாக வரும். நெஞ்சு, தோள், மேற்கை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அரிக்கும், உரசினால் வலிக்கவும் செய்யும்.

தோள் தையலிலிருந்து நாலரை அங்குலத்தில் அந்த மேடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கை வைத்த ரவிக்கை கண்ணாடி முன் அதை மறைத்துவிடும். ஆரத்தி எடுக்கவோ, பேருந்தில் கம்பியைப் பிடிக்கவோ கையைத் தூக்கினால் துணி ஒன்றரை அங்குலம் மேலேறும், தழும்பு வெளியே வரும். கை ரொம்பப் பிடிப்பாக இருந்தால் ஏறிய துணி தானாக இறங்காது. மற்றொரு கை வந்து இழுத்துவிட வேண்டும். தழும்பைக் கவனிக்காதவர்கூட அந்த இழுப்பைக் கவனித்துவிடுவார். ஓரம் தழும்புக்குப் பக்கத்திலேயே முடிவதும், அந்த ஓரத்தில் ஜரிகை வைப்பதும் பார்வையை நேராக அங்கேயே கொண்டுபோகும். ஜரிகை கெலாய்டைக் குத்தவும் செய்யும்.

அதனால் இந்தக் கைக்கு ஏழு, எட்டு அங்குலம் வேண்டும். சுற்றளவில் ஒன்றரை அங்குலம் தளர்வு வேண்டும். நீளத்தைவிட முக்கியமானது அக்குள் சுற்று. அது கீழே இறங்கி வெட்டப்பட்டால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கூடவே எழும்பும். உயர்த்தி வெட்டினால் கை மட்டும் அசையும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும்.

பாஜு கூரோங் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது. மணிக்கட்டு வரை தளர்வான கை, அக்குளில் 'கேகேக்' என்ற சிறு சதுரத் துண்டு. கையை எவ்வளவு தூக்கினாலும் துணி இழுபடாது. ஆனால் கழுத்தில் அது சறுக்குகிறது. ஜொகூரின் தெலோக் பெலாங்கா வெட்டு, 1866-ல் சுல்தான் அபு பக்கர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படுவது, கழுத்தை ஒட்டிய வட்டமும் முன்பக்கம் ஒரு கீறலும் கொண்டது. இதய அறுவைத் தழும்பு நடுநெஞ்சில் செங்குத்தாக ஓடும். குனிந்தால் திறக்கும் கீறலும் சரியாக அதே கோட்டில் விழுகிறது. மேலே ஒரு பித்தானை மட்டும் போட்டால் போதாது, கீறலைப் பாதிவரை உள்ளிருந்து தைத்துவிட வேண்டும். அல்லது நின்ற காலர் கொண்ட செகாக் மூசாங் வெட்டைக் கேட்கலாம். தைராய்டு அறுவைத் தழும்பு இன்னும் மேலே, கழுத்தடியில் இருப்பதால் அதை ஓரளவு மறைப்பதும் இந்தக் காலர்தான். போட் நெக் அதை எட்டாது.

துணியில் பலர் செய்யும் தவறு, எல்லா அடையாளத்துக்கும் ஒரே விதி போடுவது. மச்சம் பெரும்பாலும் தட்டையானது, நிறம்தான் அதன் பிரச்சினை. துணியை உள்ளங்கை மேல் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், ரேகை தெரிந்தால் மச்சமும் தெரியும். அங்கே பூவேலை அச்சு உதவும். கெலாய்டில் நிறத்தைவிட மேடுதான் காட்டிக்கொடுக்கும். கெட்டியான சாட்டின்கூட அதன்மேல் ஒட்டி, மினுங்கி, உருவத்தை எடுத்துக் காட்டிவிடும். மினுங்காத, கொஞ்சம் விறைப்பான பருத்தி அதைத் தொடாமல் நிற்கும். வெளித்துணி பட்டாகவே இருந்தாலும் உள்துணி பருத்தியாக, தையல் மடிப்பு தழும்பின் மேல் விழாதபடி இருக்கட்டும். பாலியெஸ்டர் உள்துணி நம் ஊர் வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரிப்பைக் கூட்டும்.

மறைப்பதில் லாபம் இருக்கிறது. கேள்விகள் குறையும், புதுத் தழும்பு வெயிலில் கறுக்காமலும் காக்கும். நஷ்டமும் உண்டு. மூடிய உடையின் புழுக்கத்தைச் சுமப்பது அணிபவர்தான். நாள் முழுக்கச் சரிசெய்யவேண்டிய உடை என்றால், தழும்பை வெளியில் விட்டிருந்தாலே நிம்மதி என்பது என் தீர்ப்பு. அடுத்த முறை தைக்கக் கொடுக்கும்போது நேராக நின்று மட்டும் அளவு கொடுக்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒருமுறை குனிந்தும் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள்.