‘ஆனாலும்’ எந்தப் பக்கம் நிற்கிறது?

‘ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ்தான், ஆனாலும் வழுக்கிட்டுப் போகுது.’ இது ஒரு வாக்கியம். ‘வழுக்கிட்டுத்தான் போகுது, ஆனாலும் 60 ஹெர்ட்ஸ்தான்.’ இது இன்னொன்று. இரண்டிலும் உள்ள தகவல் ஒன்றே. முதல் வாக்கியம் போனை மன்னித்துவிடுகிறது, இரண்டாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. தமிழில் கடைசியாக வருவதுதான் காதில் தங்கும். அதனால் ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வைக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. இரண்டு போன்களை ஒப்பிடும் வீடியோவுக்கு எழுதப்படும் ஸ்கிரிப்டை ஒரு கலையாக ரசிக்கலாம் என்று நான் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். ‘தான்’, ‘கூட’, ‘மட்டும்’, ‘ஆவது’ என்னும் சின்ன ஒட்டுகளுக்குள்ளேயே ஓரவஞ்சனை ஒளிந்துகொள்ளும் மொழி நம்முடையது. நல்ல ஸ்கிரிப்ட் எழுதுபவர் அதை அறிந்து எழுதுகிறார். அறிந்தாரா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. எழுதி முடித்த ஸ்கிரிப்டில் இரண்டு போன்களின் பெயரையும் இடம் மாற்றி, எண்களையும் சேர்த்து மாற்றி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு போனின் குறைக்கு ‘பரவாயில்லை’ என்றும் அதே குறை மற்றதில் வந்தால் ‘இந்த விலைக்கு இப்படியா’ என்றும் எழுதியிருந்தால், அந்த இடத்தில் நாக்கு இடறும்.

பேச்சை ஒரு ஜோடியோடு கட்டிப்போடுவோம். 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 வெளிவந்தபோது, நான்கு மாதம் முன் வந்திருந்த ஐபோன் 15 தான் அதற்கு நேர் எதிரே நின்றது. இந்தியாவில் ஐபோன் 15 வெளியானபோது 128 ஜிபி வகையின் விலை 79,900 ரூபாய். எஸ்24 வெளியானபோது 256 ஜிபி வகை 79,999 ரூபாய். ‘வெறும் 99 ரூபாய்தான் வித்தியாசம்’ என்று தொடங்கும் ஸ்கிரிப்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் 256 ஜிபி ஐபோனின் விலை அப்போது 89,900 ரூபாய். ஒரே கொள்ளளவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 9,901 ரூபாய் ஆகிவிடுகிறது. எது சரியான ஒப்பீடு? இரண்டுமே சரிதான், யாருக்கு என்று முதலில் சொல்லிவிட்டால். எண்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாதவருக்கு முதல் கணக்கு. குழந்தையின் வீடியோவை எல்லாம் போனிலேயே வைத்துக்கொள்பவருக்கு இரண்டாவது. நேர்மையான ஸ்கிரிப்ட் இந்த ஆளை முதல் முப்பது விநாடிக்குள் மேடையேற்றிவிடுகிறது: ‘எண்பதாயிரம் பட்ஜெட், நாலு வருஷம் வச்சிருக்கப் போறீங்க, இதுவரைக்கும் ஆண்ட்ராய்ட்.’ சோதனை முடிவுகள் தெரிந்த பிறகு இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தால், முதலில் அம்பை எய்துவிட்டு அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த கதைதான்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். ஆளைப் பற்றியெல்லாம் எதற்குப் பேச வேண்டும், பத்து சுற்று வைத்து மதிப்பெண் போட்டால் போதாதா, எண்ணுக்கு ஏது பாரபட்சம் என்பார்கள். எண்ணுக்கு இல்லைதான், எதை ஒரு சுற்றாக எண்ணுவது என்பதில் இருக்கிறது. எஸ்24-இன் திரை 120 ஹெர்ட்ஸ் வரை போகும், எப்போதும் நேரம் காட்டும் வசதி அதில் உண்டு, உச்ச வெளிச்சம் 2,600 நிட்ஸ் என்று நிறுவனம் சொல்கிறது. ஐபோன் 15-இல் 60 ஹெர்ட்ஸ், நேரம் காட்டும் வசதி இல்லை, உச்சம் 2,000 நிட்ஸ். ‘திரை’ என்று ஒரே சுற்று வைத்தால் சாம்சங்குக்கு ஒரு புள்ளி. மூன்றாக உடைத்தால் மூன்று. எதிர்ப்பக்கமும் இதே வித்தை செல்லும். ஏர்ட்ராப், ஃபேஸ்டைம், ஆப்பிள் வாட்ச், மேக்கோடு இணைவது என்று நான்கு சுற்று வைத்தால் ஐபோனுக்கு நான்கு புள்ளி. அவை நான்கும் ஒரே வீட்டின் நான்கு கதவுகள்; அந்த வீட்டில் குடியில்லாதவருக்கு ஒரு கதவும் பயனில்லை. ஆக ஒரு பொய்யும் சொல்லாமலேயே 7–3 என்றும் 3–7 என்றும் ஸ்கோர் கார்டு தயாரித்துவிடலாம். மொத்த மதிப்பெண் போடும் ஸ்கிரிப்டைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வருவது இதனால்தான். சுற்றுகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை, ஏன் என்று சொல்லிவிடும் ஸ்கிரிப்டோடு குறைந்தபட்சம் சண்டையாவது போட முடியும்.

சோதனைப் பகுதிக்கு வந்தால், பேட்டரி சுற்றை எழுதும் விதத்திலேயே எழுதுபவரின் கைநேர்த்தி தெரிந்துவிடும். இரண்டு போனிலும் வெளிச்சக் கோட்டைப் பாதியில் நிறுத்தி ‘ரெண்டும் ஒரே பிரைட்னஸ்’ என்று சொல்வது வழக்கமான பிழை. ஒரு போனின் பாதியும் இன்னொன்றின் பாதியும் ஒன்றல்ல. தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, வெள்ளைத் திரையின் மேல் ஒளிமானியை வைத்து, இரண்டும் 200 நிட்ஸ் காட்டும்படி சரிசெய்த பிறகே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் சிம், ஒரே அறை, ஒரே வைஃபை. பிறகு, ஒரே ஓட்டத்தோடு நிறுத்தாமல் மூன்று ஓட்டம். ஒரே போன் ஒரு நாள் ஏழு மணி நேரமும் மறுநாள் ஏழே கால் மணி நேரமும் தாங்கினால், இரண்டு போன்களுக்கு இடையே வந்த பத்து நிமிட வித்தியாசத்துக்கு வெற்றி என்று பெயர் வைக்க முடியாது. ‘இந்தச் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியவில்லை’ என்பதுதான் அங்கே சரியான வரி. தயக்கமில்லாமல் இந்த வரியைச் சொல்லும் ஸ்கிரிப்ட், வேறோர் இடத்தில் ‘இது ஜெயித்தது’ என்று சொன்னால் நம்பலாம். இதையெல்லாம் சொன்னால் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்கிறார்கள். பாடம் நடத்தினால் போவார்தான். முடிவுக்குள்ளேயே நிபந்தனையைப் பொதிந்துவிட்டால் போகமாட்டார்: ‘ரெண்டையும் 200 நிட்ஸ்ல வச்சு, மூணு தடவை ஓட்டினோம்’ என்று சொல்ல மூன்று விநாடி போதும்.

நிபந்தனையில் எல்லோரும் மறப்பது கையில் இருக்கும் கருவியை. எஸ்24 எல்லா நாட்டிலும் ஒரே போன் அல்ல. வெளியானபோது அமெரிக்காவில் விற்றதில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3, இந்தியாவில் விற்றதில் எக்ஸினோஸ் 2400. அமெரிக்க விமர்சகர் அளந்த கேம் வேகத்தையும் சூட்டையும் எடுத்து இங்கே ஒப்பித்தால், வாங்குபவர் கைக்கு வராத ஒரு போனைப் பற்றிப் பேசியதாகிவிடும். செட்டிங்ஸில் மாடல் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்: அமெரிக்க வகை `SM-S921U`, இங்கே வந்த வகை `SM-S921B`. அந்தத் திரையை இரண்டு விநாடி காட்டிவிட்டுப் பேசத் தொடங்கும் ஸ்கிரிப்டுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

கேமரா சுற்றில்தான் பெயர் கண்ணை மறைக்கும். அதற்கு மருந்தாகப் பெயரை மறைத்து வாக்கெடுக்கும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க விமர்சகர் மார்க்கஸ் பிரவுன்லீ. 2018-இல் அவர் 16 போன்களின் படங்களைப் பெயர் சொல்லாமல் மோதவிட்டபோது ஐபோன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2022-இல், சதுரங்கத்தின் ஈலோ தரவரிசை முறையில் எண்ணியபோது, விலையுயர்ந்த போன்களை எல்லாம் முந்தி கூகுளின் பிக்சல் 6ஏ முதலிடம் பெற்றது. பெயர் போனால் பாரபட்சம் போய்விடும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு பாரபட்சம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்களில் கண் பளிச்சென்று இருப்பதை நோக்கியே சாய்கிறது. ஸ்பீக்கர் சோதனையில் சத்தம் கூடியதே நல்லதாகக் கேட்பதைப் போல. ஆகவே கண்ணைக் கட்டுவது மட்டும் போதாது. தேர்ந்த ஸ்கிரிப்ட் படத்தை முதலில் பெயரில்லாமல் காட்டி, பார்ப்பவரை மனதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டு, அடுத்து வெளிச்சத்தைச் சமப்படுத்திக் காட்டி, அதன் பிறகே பெயரைச் சொல்லும். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று படம் எடுத்து எப்போதும் இரண்டாவதையே காட்டுவோம் என்று முன்னரே விதித்துக்கொண்டால், பிடித்த போனின் சிறந்த படமும் மற்றதன் சுமாரான படமும் மோதும் விபத்தும் நடக்காது.

இவ்வளவு பாடுபட்ட பிறகு தீர்ப்பு சொல்வது எதற்கு, விவரத்தை வைத்துவிட்டு ‘உங்க விருப்பம்’ என்று விலகுவதல்லவா நடுநிலை என்பது வலுவான கேள்வி. எனக்கு அது நடுநிலையாகத் தோன்றவில்லை. எதை முதலில் சொன்னோம், எதற்கு அதிக நேரம் கொடுத்தோம் என்பதில் எழுதுபவரின் மனம் எப்படியும் வெளிப்படுகிறது. தீர்ப்பை வெளியே சொல்லாதபோது அது இசையிலும் காட்சித் தொகுப்பிலும் கசியும், மறுத்துப் பேச வழியிருக்காது. வெளிப்படையாகச் சொன்ன தீர்ப்பை எதிர்க்கலாம். அதை எதிர்ப்பதற்கான சாவியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். அதாவது, ஒவ்வொரு லாபத்தையும் அதற்குக் கொடுக்கும் விலையோடு ஒரே மூச்சில் சொல்வது. எஸ்24-ஐ எடுத்தால் மூன்று மடங்கு டெலிபோட்டோ லென்ஸ் கிடைக்கிறது, ஐபோன் 15-இல் அப்படித் தனி லென்ஸ் இல்லை. ஆனால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் காந்தம் எஸ்24-இல் இல்லை. சாம்சங் ஏழு வருட அப்டேட்டுக்கு எழுத்தில் உறுதி தருகிறது. ஆப்பிள் எஸ்24 வெளியான நேரத்தில் நம் வாடிக்கையாளர் முன் அப்படி ஓர் எண்ணை வைக்கவில்லை, ஆனால் 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்-க்கு 2024-இல் ஐஓஎஸ் 18 வந்தது. ஒன்று கொடுத்த வாக்கு, மற்றது நடந்த வரலாறு. இரண்டையும் ‘சாஃப்ட்வேர் சப்போர்ட்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டு டிக் அடிப்பது ரசனைக் குறைவு.

போன் இலவசமாக வந்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பதும் ஸ்கிரிப்டின் ஒரு வரியே. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசப் பொருள் உள்ளிட்ட எந்தத் தொடர்பையும் இந்தியாவில் வீடியோவிலேயே தெரிவிக்க வேண்டும்; கீழே விளக்கக் குறிப்பில் புதைத்தால் போதாது. அந்த வரி தீர்ப்புக்கு முன்னால் வர வேண்டும், நன்றி சொல்லும் இடத்தில் அல்ல.

நம் ஜோடிக்கு, தீர்ப்பையும் அதை எதிர்க்கும் சாவியையும் சேர்த்துத் தந்து முடியும் ஸ்கிரிப்டின் கடைசி வரிகள் இவையாக இருக்கலாம்: ‘எண்பதாயிரம், நாலு வருஷம், இதுவரைக்கும் ஆண்ட்ராய்ட். எங்க தீர்ப்பு எஸ்24. காரணம் மூணு: ரெண்டு மடங்கு ஸ்டோரேஜ், 120 ஹெர்ட்ஸ், ஸூம். வீட்ல மேக், வாட்ச் இருந்தா இந்தக் காரணத்தை எல்லாம் தள்ளிட்டு ஐபோனை எடுங்க. ஐபோன் 256 ஜிபி விலை பத்தாயிரம் இறங்கினா முதல் காரணம் செத்துப்போச்சு, மிச்சம் ரெண்டை மட்டும் வச்சு நீங்களே மறுபடி யோசிங்க.’