சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகும்போது

வரைபடம் தயாரிப்பவர்கள் பலரும் நம்பி எடுப்பது, சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் நிறத்தொகுப்புகளை. QGIS மென்பொருளுடனேயே அவை வருகின்றன. எந்தத் தொகுப்பு நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் பொருந்தும், எது நகலெடுத்தாலும் தாங்கும் என்று கலர்புரூவர் தளம் தனித்தனியே குறித்திருக்கிறது. முதல் குறிப்பைப் பார்த்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாவட்டவாரி மழை விலகல் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில், இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை; அதே அளவு கூடினால் மிகை. இரண்டுக்கும் அப்பால் மிகப் பெரிய பற்றாக்குறை, மிகப் பெரிய மிகை; நடுவில் இயல்பு. மழையே இல்லாத நிலையைத் தனியே விட்டால், ஆக ஐந்து வகை. இதற்குச் சிவப்பு, பச்சை கொடுத்தால், சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவருக்கு வறட்சியும் வெள்ளமும் ஒரே பழுப்பாகக் கலங்கும். கலர்புரூவரின் சிவப்பு-நீலத் தொகுப்பான RdBu இதை நன்றாகத் தீர்க்கிறது. அந்தக் குறைபாட்டில் நீலத்தை உணரும் திறன் கெடுவதில்லை.

ஆனால் அதே வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால்? பற்றாக்குறைக்கான வெளிர்சிவப்பு `#f4a582`, மிகைக்கான வெளிர்நீலம் `#92c5de`. சாம்பல் அளவைக் கணக்கிடும் வழக்கமான வாய்ப்பாடு இது:

```
0.299 R + 0.587 G + 0.114 B
```

0 கறுப்பு, 255 வெள்ளை. முதல் நிறத்துக்கு 185 வருகிறது, இரண்டாவதற்கும் 185. தாளைக் கையில் வைத்திருக்கும் அலுவலருக்கு, மழை பொய்த்த மாவட்டமும் கொட்டித்தீர்த்த மாவட்டமும் ஒன்றுதான்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. நடுவிலிருந்து இருபுறமும் சமமாக அடர்த்தி ஏறுவதே இத்தகைய தொகுப்பின் பலம். அந்தச் சமச்சீர்தான் நிறம் போனதும் பலவீனமாகிறது. மொத்த மழையளவு போல ஒரே திசையில் ஏறும் தகவலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்து வகைக்கான YlGnBu தொகுப்பின் சாம்பல் அளவுகள் 249, 197, 149, 109, 58 என்று சீராக இறங்குகின்றன. அதற்காக விலகலையும் ஒருதிசை நிறத்தில் போட்டால் வரிசை தெரியும், ஆனால் இயல்பு எங்கே என்பது மறைந்துவிடும். அந்த விலை அதிகம் என்பது என் கருத்து.

RdBu-வை வைத்துக்கொண்டு மிகைப் பக்கத்தில் மட்டும் மெல்லிய சாய்கோடுகள் போடுவதே மேல். சென்னை போன்ற சிறிய பரப்பில் இரண்டு மூன்று கோடுகளுக்கு மேல் விழாது. அங்கே + அல்லது − குறி எழுதிவிடலாம். கோடுகள் மாவட்ட எல்லையைவிட மெல்லியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லையோடு குழம்பும்.

QGIS-இன் Preview Mode பட்டியலில் நிறக்குறைபாட்டுப் பார்வையும் சாம்பல் பார்வையும் தனித்தனியே இருக்கின்றன. வெளியிடுமுன் இரண்டையும் திறந்து பாருங்கள். பிறகு சாதாரண லேசர் அச்சுப்பொறியில் ஒரு பிரதி எடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டும் பாருங்கள்.