புள்ளியும் மதிப்பெண்ணும்

"உங்க ஊர்ல பரவாயில்லீங்க. எழுத்துல முப்பத்தெட்டு எடுத்தாலும் லேப் மார்க்கைப் போட்டுத் தூக்கி விட்டுடுவீங்க போலிருக்கே."

திருச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியர் அறையில், எங்கள் துறைப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தபடி ஒருவர் சொன்னது இது. நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்து, அங்கேயே பல வருடம் செயன்முறை வகுப்பு நடத்தியவன். தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் துறையில் ஒரு பாட அலகுக்கு எழுத்துப் பரீட்சை நூறு, செயன்முறை நூறு. இரண்டின் இடை அந்த அலகின் புள்ளி. பிறகு ஒவ்வோர் அலகையும் அதன் கிரெடிற்றால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிற்றால் வகுக்கிறோம். அவர் கண்ட மாணவியின் கணக்கு இது. பௌதிக இரசாயனம் 3 கிரெடிற். எழுத்தில் 38, செயன்முறையில் 82, இடை 60. அசேதனம் 2 கிரெடிற். 56, 70, இடை 63. சேதனம் 3 கிரெடிற்; 71, 79, இடை 75. ஆக 180, 126, 225, கூட்டினால் 531. எட்டால் வகுக்க 66.4.

நாங்கள் இதை 'நிறையேற்றிய இடை' என்போம், அவர்கள் 'எடையிட்ட சராசரி' என்றார்கள். எங்கள் புள்ளி அங்கே மதிப்பெண், பரீட்சை தேர்வு, ஆய்வுகூடம் ஆய்வகம். நாங்கள் அளவி, குழாயி என்று சொல்பவை அங்கே பியூரெட், பிப்பெட். அளவி என்ற சொல்லைக் கேட்டு ஓர் இளம் விரிவுரையாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சொல்லைவிடப் பெரிய வேறுபாடு, நிறை எங்கே வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளை பிளஸ் டூவிலேயே பழகும் முறையில் வேதியியலுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இடை எடுப்பதில்லை, கூட்டுகிறார்கள். உச்ச மதிப்பெண்தான் நிறை. அத்தோடு எழுத்தில் 70க்கு 15 தனியாக எடுத்தே ஆக வேண்டும். 14 எடுத்தவருக்கு மற்ற முப்பதும் முழுதாகக் கிடைத்து மொத்தம் 44 வந்தாலும் தேர்ச்சி இல்லை. எங்கள் கணக்கில் அப்படித் தடுப்புச் சுவர் கிடையாது. ஆகவே 38ஐ 82 தாங்கியது உண்மைதான். ஆனால் அந்த 82 எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

எங்களிடம் அது கிழமை தோறும் சேர்ந்த புள்ளி. நியமிப்பில் 25.00 கன சென்ரிமீற்றர் கரைசலைக் குழாயியால் எடுத்து, அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகள் 0.10க்குள் ஒத்து வரும்வரை பிள்ளை திரும்பச் செய்ய வேண்டும். முடிவுப்புள்ளி தாண்டி இளஞ்சிவப்பு அடர்ந்தால் குடுவையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் பெறுமானத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு புள்ளி குறையும். நான் திருச்சியில் பார்த்தது ஒரேயொரு செய்முறைத் தேர்வு நாள். ரெக்கார்ட் நோட்டுகள் அழகாக அட்டை போட்டு அடுக்கியிருந்தன. அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளையின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

என்றாலும் அவருடைய பேச்சு மனதை அரித்தது. ஊர் திரும்பியதும் பழைய பட்டியல்களை எடுத்தேன். ஒரு வருடத்தில் செயன்முறைப் புள்ளிகள் எல்லாம் 78க்கும் 84க்கும் இடையில் நெருங்கிக் கிடந்தன. எழுத்திலோ சிலருக்கு 40, சிலருக்கு 70. 40உம் 84உம் எடுத்தவருக்கு இடை 62. 70உம் 78உம் எடுத்தவருக்கு 74. இருவருக்கும் இடையிலான 12 புள்ளியில் எழுத்து 15 தந்தது, செயன்முறை 3ஐத்தான் திருப்பிப் பிடித்தது. பாதிக்குப் பாதி என்று தாளில் எழுதியிருந்தும், யார் முன்னே யார் பின்னே என்பதை எழுத்தே தீர்மானித்திருந்தது. புள்ளிகள் பரவாத பகுதிக்கு எவ்வளவு நிறை கொடுத்தாலும் அது எல்லாரையும் ஒரேயளவு உயர்த்திவிட்டு நின்றுவிடும்.

அந்தப் பட்டியலில் குறை இடையெடுக்கும் முறையிலன்று, புள்ளியிட்ட கையில். அந்த வருடம் வாசிப்பு விலகலுக்குப் புள்ளி குறைக்காமல், வந்து செய்து முடித்தவர்க்கெல்லாம் எண்பதை ஒட்டிப் போட்டிருந்தோம். திருச்சிக்காரர் சொன்ன 'தூக்கி விடுதல்' அங்கேதான் நடந்திருந்தது. அதுவும் ஒருவரையல்ல, வகுப்பு முழுவதையும்.

நான் காட்டிய மாணவியின் வருடத்தில் செயன்முறைப் புள்ளிகள் 41இலிருந்து 88வரை பரவியிருந்தன. அவளுடைய 82 அந்தப் பரவலில் நின்று எடுத்தது. அவளுடைய வருடப் பட்டியலின் பிரதியைத் திருச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். செயன்முறை நிரலில் மிகக் குறைந்த புள்ளியையும் மிகக் கூடிய புள்ளியையும் சிவப்பில் வட்டமிட்டு.