வெயில் இருக்கிறது, கரண்ட் இல்லை

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வானம் வெளுத்துவிட்டிருந்தது. கூரையில் பத்து சோலார் பலகைகள் பளபளத்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று, "சேர், உங்க வீட்டுலதான் சோலார் இருக்கே, போன் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். நண்பர் சங்கடமாகச் சிரித்தார். "லயின்ல கரண்ட் வந்தாத்தான் தம்பி இதுவும் வேலை செய்யும்."

பையன் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. வெயில் காய்கிற கூரையின் கீழ் வீடு இருண்டு கிடப்பதை யாருக்குத்தான் விளக்க முடியும்? ஆனால் இந்த முறையில் மிகச் சரியாகச் செய்யப்பட்ட காரியம், லயின் போனதும் சோலாரும் நின்றுவிடுவது ஒன்றுதான் என்பது என் கருத்து. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

லயின் செத்ததும் இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும் என்பதற்குக் காரணம், கம்பத்தில் ஏறி நிற்கும் மின்சார ஊழியர். ட்ரான்ஸ்போமர் இரு பக்கமும் வேலை செய்யும். 33,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி குறைப்பதுபோலவே, வீட்டிலிருந்து போகும் 230 வோல்ட்டை மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றியும் விடும். மண்சரிவில் அறுந்து தேயிலைச் செடிமேல் கிடக்கும் கம்பியில் அப்படி உயிர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

லயின் செத்துவிட்டது என்று இன்வெர்ட்டருக்கு எப்படித் தெரிகிறது? வோல்ட் பூச்சியமானால் தெரிந்துவிடும். ஆனால் அறுந்த துண்டில் இருக்கும் நாலைந்து வீடுகள் இழுக்கும் மின்சாரமும் கூரை கொடுக்கும் மின்சாரமும் தற்செயலாகச் சமமாகிவிட்டால், வோல்ட் அப்படியே நிற்கும். அதனால் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதில்லை. லயினின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கிறது. நூறு பேர் பிடித்திருக்கும் தேர்வடத்தை ஒருவன் பக்கவாட்டில் இழுத்தால் வடம் அசையாது. மற்றவர்கள் கையை விட்டிருந்தால் அவன் இழுத்த பக்கமே போய்விடும். அப்படி அதிர்வெண் நழுவினால், ஓரிரு வினாடிக்குள் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். லயின் திரும்பி வந்த பிறகும் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துத்தான் சேரும்.

ஒரு வீட்டுக்கு நல்லதான கூரை சோலார், ஆயிரக்கணக்கான வீடுகள் சேரும்போது வேறு முகம் காட்டுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாட்டையே இருளாக்கியது. கோளாறுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட குரங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த நேரத்தில் தேவை குறைந்து சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்ததால், அதிர்ச்சியைத் தாங்கும் சுழலும் இயந்திரங்களின் பலம் போதவில்லை என்பதே மின்சார சபை சொன்ன விளக்கம். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று சபையே வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

நண்பரின் உண்மையான தலைவலி புயலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பனிமூட்டமான நாளில் இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடும். வானம் நல்ல வெளிச்சமாக இருக்கும் நாளில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நின்று நின்று வரும். பலகை பழுதென்று அவர் நினைத்தார். திரையில் வந்த செய்தியோ வேறு: `Grid Overvoltage`.

அவருடையது தனிப்பேஸ் இணைப்பு, 5 கிலோவாட் இன்வெர்ட்டர். ட்ரான்ஸ்போமர் மலைச்சரிவில் வெகுதூரம் கீழே இருக்கிறது. உச்சி வெயிலில் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தோம்: 234 வோல்ட். மறுபடி போட்டு 4.4 கிலோவாட் ஓடும்போது 248. பதினெட்டு அம்பியர் அளவு மின்சாரம் வெளியே போக, 14 வோல்ட் ஏறியிருக்கிறது. அப்படியானால் போய் வரும் கம்பிகளின் மொத்தத் தடை ஏறத்தாழ 0.8 ஓம். முழு 5 கிலோவாட் வரும்போது வோல்ட் 250ஐத் தொடும். அவருடைய இன்வெர்ட்டருக்கு வைத்திருந்த எல்லையும் அதுதான். நல்ல வெயில் அடித்தால் இயந்திரம் நிற்பதற்குக் காரணம் இவ்வளவே.

இங்கே தோட்டப்புற வாழ்க்கையின் கணக்கும் சேர்கிறது. பகலில் கொழுந்துக்குப் போனவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளியில். இழுக்க ஆளில்லாத லயினில் வோல்ட் ஏற்கனவே உயர்ந்து நிற்கும். உற்பத்தி முழுவதும் வெளியே போக வேண்டிய நேரமும் அதுவே. அதே பேஸில் இன்னொரு வீட்டுக்காரரும் சோலார் போட்டால் இருவரும் ஒருவரையொருவர் தள்ளி விடுவார்கள். மூன்று பேஸ் இருந்தால் சுமை பிரியும். தனிப்பேஸில் எல்லாப் பாரமும் ஒரே கம்பியில்தான்.

பொருத்த வந்த ஆள் சொன்ன மருந்து, "எல்லையைக் கொஞ்சம் கூட்டி வச்சிடலாம் சேர்." இதைவிட மோசமான யோசனை கிடையாது. நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டிய அளவு 230 வோல்ட். 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது மேலே 244 வரை. எல்லையைக் கூட்டினால் நண்பரின் யூனிட் கணக்கு ஏறும், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் அதற்கு விலை கொடுக்கும். நிறுத்திய நிலையிலேயே வோல்ட் 240க்கு மேல் இருந்தால் ட்ரான்ஸ்போமரின் டப்பை மாற்ற வேண்டும் என்று மின் விநியோகம் செய்பவர்களிடம் கேட்கலாம். நிறுத்தினால் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் ஏறினால், கம்பி நீளம் அல்லது பலகைகள் அதிகம் என்று அர்த்தம்.

பலகைகள் ஏன் அதிகமாயின? 2016இல் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது, நெற் அக்கவுண்டிங்கில் முதல் ஏழு ஆண்டுக்கு யூனிட்டுக்கு 22 ரூபாய் கிடைத்தது. பிறகு விலைகள் மாறின, ஆனால் 'எவ்வளவு வெளியே தள்ளுகிறோமோ அவ்வளவு காசு' என்ற எண்ணம் மாறவில்லை. வெளியேற்றம் வருமானம்தான், மறுக்கவில்லை. மாலை ஆறரைக்கு மேல் விளக்கு எரியும் வீட்டுக்குப் பகல் மின்சாரத்தை லயினில் விட்டு வைத்துக் கழித்துக்கொள்வதைவிட மலிவான பெட்டரி இல்லை. ஆனால் அந்தப் பெட்டரி காகிதக் கணக்கில் இருக்கிறது. கரண்ட் போன இரவில் மீட்டரின் வெளியேற்ற எண்ணைப் பார்த்துப் புத்தகம் வாசிக்க முடியாது. (லயத்தில் இருப்பவருக்கு இந்தக் கவலையும் இல்லை. அந்தக் கூரை அவருடையதல்ல.)

அடிக்கடி மரம் விழுந்து கரண்ட் போகும் மலையகத்துக்கு ஏற்றது சிறிய ஹைபிரிட் என்பேன்: 2.5 கிலோவாட் அளவு பலகை, 5 யூனிட் பெட்டரி. லயின் போனதும் அதன் உள்ளே இருக்கும் ரிலே வீட்டை லயினிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டு, தனி வயரில் கட்டிய சில விளக்கு, ஃப்ரிட்ஜ், போன் சார்ஜருக்கு மட்டும் ஊட்டும். ஊழியருக்கும் ஆபத்தில்லை. சுடுநீர் ஹீட்டரையும் அயர்ன் பொக்ஸையும் அந்த வயரில் மாட்டக் கூடாது. நாலு நாள் மூடுபனி போட்டால் இதுவும் கையை விரிக்கும், விலையும் கூடும். ஆனால் நண்பரின் அதே கம்பியில் 2.5 கிலோவாட் ஏற்றுவது 8 வோல்ட்தான். 242இல் நிற்கும்.

சோலார் போடப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். 2 கிலோவாட் கேத்தலில் தண்ணீர் வைத்து, போடுமுன்னும் போட்ட பின்னும் அதே சுற்றில் வோல்ட் பாருங்கள். 7 வோல்ட் இறங்கினால், உங்கள் கூரையின் 5 கிலோவாட் அதே கம்பியில் 16, 17 வோல்ட் ஏற்றும்.