தும்பிக்கை லை

ஜெலுபு வட்டாரத்துப் பால்மரத் தோட்டமொன்றில் கிராணியாயிருந்த என் தந்தை தாய்க்கு எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து, அக்கையெழுத்தையே எழுத்துருவாக்கிய நாள்களில், சுழிகளில் மை தேங்கிக் கருத்திருந்த அழகையும், ரகரத்தின் கால் சற்றே சாய்ந்து நின்ற விதத்தையும் நான் பார்த்துச் சலிக்கவில்லை.

ஆயினும் 247 எழுத்துகளையும் கடிதத்தில் எழுதுவார் யார்? 'ஜெலுபு' என்ற முகவரி கிரந்த ஜகரத்தைத் தந்தது, 'தொண்ணூறு வெள்ளி' என்ற ஒரே இடம் ணூவைத் தந்தது, ஞூவோ எங்குமில்லை. உகர ஊகாரக் குறிகள் மெய்க்கு மெய் உருமாறுவதால், 18 மெய்களுக்கும் 36 வடிவங்களைத் தனித்தனியே அமைத்தாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும், தட்டச்சிடும்போது அவ்விடத்தில் அந்நியமான அச்செழுத்தொன்று நேர்கோடாக எட்டிப் பார்க்கும். ஆதலின் அவருடைய ஞகரத்தின் கீழ் அவருடைய ணூவின் வாலையே பொருத்தி, பேனாவின் அழுத்தம் மாறாதபடி, இணைந்த இடத்தை மட்டும் பொறுமையாக மெலிவித்தேன்.

லை, ணை முதலியவற்றை அவர் பழைய வழக்கப்படி தும்பிக்கை வளைத்தே எழுதுவார். லகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் அத்தும்பிக்கையையே இடுமாறு எழுத்துருவுக்குள் ஒரு விதி அமைத்தேன். இப்பொழுது 'காலை' என்று தட்டினால், அவர் எழுதியவாறே திரையில் எழுகிறது.